பரிசா வந்த சப்ஸ்கிரிப்ஷன்... முடிஞ்சதும் தானா நிற்குமா, நம்ம காசை எடுக்குமா?

முன்பெல்லாம் பாரிஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சூட்கேஸில் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும். இன்று புதுச்சேரியில் பல வீடுகளில் அந்தப் பரிசு வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. பிறந்தநாளுக்கு ஓ.டி.டி கிஃப்ட் கார்டு, பொங்கலுக்கு மூணு மாச மியூசிக் ஆப், தீபாவளி போனஸோடு ஆபீஸில் கொடுக்கும் ஒரு வருஷ வவுச்சர் என்று விதவிதமாக வருகிறது. உள்ளூர் நண்பர்களும் இப்போது இதைத்தான் அனுப்புகிறார்கள். கடைக்குப் போக வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம்.

வாங்கிக்கொள்வது சுலபம்தான். குழப்பம் வருவது அது முடியும்போது. மூணு மாசம் முடிஞ்சதும் அதுவாகவே நின்றுவிடுமா? நம் பேங்க் அக்கவுன்ட்டிலிருந்து காசு எடுக்க ஆரம்பிக்குமா? வேண்டாம் என்று இப்போதே கேன்சல் செய்தால், மிச்சமிருக்கும் பரிசு நாள்கள் வீணாகிவிடுமா?

இதற்கு ஒரே வரியில் பதில் உண்டு. பரிசுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சக்தி கிடையாது. அதைப் புதுப்பிப்பது, அந்தக் கணக்கில் யாரோ ஒருவர் கொடுத்து வைத்திருக்கும் ஆட்டோபே அனுமதி. அதனால் 'பரிசு எப்போது முடிகிறது' என்பதைவிட, 'அனுமதி கொடுத்தது யார், எப்போது' என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பரிசு மூணு வகை

பார்க்க எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். ஒரு வண்ணப் படம், ஒரு நீளமான கோடு, 'ஹேப்பி பர்த்டே' என்று ஒரு வாசகம். உள்ளே இருப்பது வேறு வேறு.

முதல் வகை, பணமாக வரும் பரிசு. 500 ரூபாய், 1,000 ரூபாய் என்று ஒரு தொகை எழுதியிருக்கும். கோடைப் போட்டதும் அந்தத் தொகை உங்கள் கணக்கில் இருப்பாகச் சேரும். மாசா மாசம் கட்டணம் அதிலிருந்து கழியும். நெட்ஃபிளிக்ஸ் கிஃப்ட் கார்டு இப்படித்தான் வேலை செய்கிறது. கணக்கில் வேறு கார்டோ, யு.பி.ஐ-யோ சேர்க்கவில்லை என்றால், இருப்பு தீர்ந்ததும் சேவை நின்றுவிடும். எடுக்கக் காசு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால், இதிலும் ஒரு இடத்தில் சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கிலேயே பரிசுக் கோடைப் போட்டால், முதலில் பரிசு இருப்பு கழியும். அது தீர்ந்த அடுத்த மாசம், பழைய கார்டிலிருந்து மறுபடியும் பணம் எடுக்க ஆரம்பிக்கும். ஆறு மாசமாக பேங்கிலிருந்து எதுவும் போகாததால், 'அது எப்பவோ நின்னுபோச்சு' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது நிற்கவே இல்லை, கொஞ்ச நாள் நம் காசைத் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கூகுள் பிளே கிஃப்ட் கார்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அந்த இருப்பை வைத்து ஒரு ஆப்பின் சந்தாவை ஆரம்பித்தால், அது ஒவ்வொரு மாசமும் புதுப்பித்துக்கொண்டே போகும். இருப்பு போதாதபோது, மாற்று வழியாக நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கார்டுக்குப் போகலாம்.

இரண்டாவது வகை, 'மூணு மாசம் இலவசம்' என்று வரும் கோடு. போன் வாங்கினால் கிடைப்பது, கிரெடிட் கார்டு ரிவார்டில் கிடைப்பது, நண்பர் ஃபார்வர்டு செய்வது எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். கோடைப் போட்டதும் 'பேமென்ட் முறையைச் சேர்க்கவும்' என்று ஒரு பக்கம் வரும். அதைத் தாண்டாமல் உள்ளே விடாது. பெயர்தான் பரிசு, நடைமுறையில் இது இலவச டிரையல். கெடு முடிந்த நாளில் முழுக் கட்டணம் உங்களிடமிருந்து போகும். கவனமாக இருக்க வேண்டிய வகை இதுதான்.

மூணாவது வகை, கொடுத்தவர் தன் கார்டிலேயே மாசா மாசம் கட்டிக்கொண்டிருப்பது. பத்திரிகை சந்தாவை வெளிநாட்டுச் சொந்தம் தன் பெயரில் ஆரம்பித்து, அனுப்பும் முகவரியாக உங்கள் வீட்டைக் கொடுத்திருக்கலாம். ஃபேமிலி பிளானில் உங்களையும் ஓர் ஆளாகச் சேர்த்திருக்கலாம். இதில் உங்கள் காசு போகாது. ஆனால், உங்களால் கேன்சல் செய்யவும் முடியாது. கொடுத்தவர் நிறுத்தாதவரை அவர் காசு போய்க்கொண்டே இருக்கும். ஃபேமிலி பிளானிலிருந்து நீங்கள் வெளியே வந்தாலும் அவருக்கு வரும் பில் அப்படியேதான் இருக்கும். 'நான் இப்போ பார்க்கிறதில்ல, நிறுத்திடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு சும்மா இருந்தால், நஷ்டம் அவருக்குத்தான்.

மொபைல் ரீசார்ஜோடு வரும் ஓ.டி.டி இந்த மூணிலும் சேராது. பேக்கின் கெடு முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். ரீசார்ஜுக்கே ஆட்டோபே போட்டிருந்தால் மட்டும், அதே பேக்கும் அதோடு ஓ.டி.டி-யும் திரும்ப வரும்.

அந்த ஒரு ஓ.டி.பி

இரண்டாவது வகையில் நாம் மாட்டுவது எந்த நொடியில் என்று பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டிலிருந்தோ, யு.பி.ஐ-யிலிருந்தோ தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் ஒருமுறை நீங்கள் ஓ.டி.பி அல்லது யு.பி.ஐ பின் போட்டு அனுமதி கொடுத்தாக வேண்டும். 2021 அக்டோபர் 1 முதல் இது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இந்த அனுமதிக்கு பேங்க் மொழியில் 'இ-மேண்டேட்' என்று பெயர்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி கேட்பதில்லை. 2021-ல் 5,000 ரூபாய் வரைதான் இப்படி எடுக்க முடிந்தது. 2022 ஜூனில் அந்த வரம்பை 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஓ.டி.டி, மியூசிக், செய்தி ஆப் எல்லாமே அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். ஆக, பரிசை வாங்கிக்கொண்ட அன்று நீங்கள் போட்ட ஓ.டி.பி-தான் முதலும் கடைசியும். 'வெரிஃபிகேஷனுக்கு ஒரு ரூபாய் எடுப்போம், திரும்ப வந்துவிடும்' என்று சொல்வதால், அது ஏதோ சரிபார்ப்பு என்று நினைத்துப் போட்டுவிடுகிறோம். ஒரு ரூபாய் திரும்பி வந்துவிடும். கொடுத்த அனுமதி திரும்பி வராது.

அந்தப் பக்கத்தில் பின் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் படித்துவிடுங்கள். அதிகபட்சமாக எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம், எந்தத் தேதி வரை எடுக்கலாம். மாசக் கட்டணம் 199 ரூபாயாக இருந்தாலும், அனுமதித் தொகை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். முடியும் தேதி பல வருஷம் தள்ளி இருக்கலாம்.

பொங்கல் முதல் தமிழ்ப் புத்தாண்டு வரை... ஒரு கணக்கு

லாஸ்பேட்டையில் இருக்கும் ஓர் அக்காவுக்கு, சென்னையில் இருக்கும் தம்பி, ஜனவரி 14 பொங்கலன்று ஒரு மியூசிக் ஆப்பின் மூணு மாசக் கோடை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ''அக்கா, கோடு அனுப்பியிருக்கேன், போட்டுக்க. ஃப்ரீதான்'' என்கிறார். அக்கா அன்றைக்கே போடுகிறார். யு.பி.ஐ ஆட்டோபே கேட்கிறது, பின் போடுகிறார். பாட்டு ஓடுகிறது. கெடு முடிந்தபின் கட்டணம் மாசம் 199 ரூபாய்.

மூணு மாசம் முடிவது ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் ஏப்ரல் 13-க்குள் அக்காவுக்கு எஸ்.எம்.எஸ்-ஸோ, மெயிலோ, ஆப்பில் நோட்டிஃபிகேஷனோ வந்திருக்கும். யாருக்குப் பணம் போகிறது, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்று அதில் இருக்கும். வேண்டாமென்றால் அந்த ஒரு பேமென்ட்டையோ, மொத்த அனுமதியையோ நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். ஆனால், பண்டிகை நாளில் வரும் இருபது ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவே அதுவும் ஒன்றாகக் கிடக்கும். யார் பார்க்கிறார்கள்? 14-ம் தேதி 199 ரூபாய் போய்விடும். மே 14-ம் தேதி இன்னொரு 199. வருஷம் முழுக்கக் கவனிக்காமல் விட்டால், இலவசமாக வந்த பரிசுக்கு அடுத்த பொங்கலுக்குள் ஒன்பது முறை, மொத்தம் 1,791 ரூபாய் போயிருக்கும்.

இதே அக்கா, கோடைப் போட்ட அன்றைக்கே கேன்சலும் செய்திருந்தால்? பெரும்பாலான சேவைகளில் ஏப்ரல் 14 வரை பாட்டு ஓடியிருக்கும், அதன்பின் நின்றிருக்கும். கேன்சல் என்பது பெரும்பாலும் 'இனிமேல் புதுப்பிக்காதே' என்று சொல்வதுதான், 'இப்போதே மூடு' என்பதல்ல. நெட்ஃபிளிக்ஸ் பரிசு இருப்பும் அப்படித்தான். கேன்சல் செய்தாலும் இருப்பு தீரும்வரை பார்க்கலாம்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஆப்பிள் டி.வி போல, புதிய போனோடு கிடைக்கும் இலவச மாதங்களைக் கேன்சல் செய்தால், மிச்ச நாள்கள் உடனே போய்விடலாம். அதனால் கேன்சல் பட்டனைத் தட்டியதும் வரும் அடுத்த பக்கத்தில், 'இந்தத் தேதி வரை பயன்படுத்தலாம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இருந்தால் தைரியமாக முடித்துவிடலாம். 'உடனே அணுகலை இழப்பீர்கள்' என்ற அர்த்தத்தில் இருந்தால், பின்வாங்கிவிட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அலாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆப்பிளில் கெடுவுக்கு ஒரு நாள் முன்பாகவே கேன்சல் செய்துவிட வேண்டும், கடைசி நிமிஷம் வரை காத்திருக்கக் கூடாது.

எங்கே போய் நிறுத்துவது?

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய பேர். போனிலிருந்து ஆப் போகும், சந்தா போகாது.

நிறுத்த வேண்டிய இடங்கள் இரண்டு. முதலில், சந்தா எங்கே ஆரம்பித்ததோ அங்கே. பிளே ஸ்டோர் வழியாக ஆரம்பித்திருந்தால், பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தட்டி, `Payments & subscriptions` போய், `Subscriptions` பட்டியலில் அந்த ஆப்பைத் தேர்ந்தெடுத்து `Cancel subscription` கொடுக்க வேண்டும். ஐபோன் என்றால் `Settings`-ல் உங்கள் பெயரைத் தட்டினால் `Subscriptions` இருக்கும். அந்தப் பட்டியலில் ஆப்பின் பெயரே இல்லையென்றால், சந்தா அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே லாகின் செய்து கணக்குப் பக்கத்தில்தான் நிறுத்த முடியும். கேன்சல் ஆனதாக வரும் மெயிலை அழிக்காதீர்கள், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, பணம் போகும் வழியில். யு.பி.ஐ என்றால், அனுமதி கொடுத்த அதே ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால், இதுவரை யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும். வேண்டாததை ரத்து செய்துவிடலாம். கார்டு என்றால், பேங்க் ஆப்பிலோ, நெட் பேங்கிங்கிலோ இ-மேண்டேட் பகுதியில் இதே வசதி இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அனுமதியை ஆன்லைனில் திரும்பப் பெறும் வழியை பேங்குகள் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிதான்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலிலேயே அனுமதியை ரத்து செய்துவிட்டால் சில சேவைகள் 'பேமென்ட் தோல்வி' என்று பரிசு நாள்களையும் சேர்த்து நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறது. சந்தாவைக் கேன்சல் செய்து, கடைசித் தேதியை உறுதி செய்துகொண்டு, பிறகு அனுமதியை எடுப்பதே பாதுகாப்பு.

பாரிஸ் பரிசுக்குத் தனிக் கணக்கு

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். பிரான்ஸ் கடையில் யூரோவில் வாங்கிய கிஃப்ட் கார்டு, இந்தியக் கணக்கில் பெரும்பாலும் வேலை செய்யாது. கூகுள் பிளே, ஆப்பிள், ஸ்பாட்டிஃபை கார்டுகள் எல்லாம் நாட்டோடு கட்டப்பட்டவை. அதற்காகப் பலர் செய்யும் குறுக்குவழி, சித்தப்பாவோ மாமாவோ தன் பிரெஞ்சு பேங்க் கார்டையே இங்குள்ள கணக்கில் சேர்த்துவிடுவது. அங்கேதான் ஆபத்து. 24 மணி நேர முன்தகவல், ஓ.டி.பி அனுமதி போன்ற ரிசர்வ் வங்கி விதிகள் இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டுகளுக்கு மட்டும்தான். பிரெஞ்சு கார்டுக்கு அவை பொருந்தாது. இங்கே யாருக்கும் எஸ்.எம்.எஸ் வராமலே அங்கே யூரோ போய்க்கொண்டிருக்கும். விலையும் வசதியும் ஒத்துவந்தால், அவர் பணத்தை அனுப்பி, நீங்கள் இங்கேயே ரூபாய் கிஃப்ட் கார்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அவர் அங்கிருந்தபடி தன் பெயரில் சந்தா எடுத்துக் கொடுத்திருந்தால், அவருக்குப் பிரெஞ்சுச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2005-ல் வந்த 'லுவா ஷத்தேல்' என்ற சட்டப்படி, தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில், நிறுத்தச் சொல்ல வேண்டிய கெடுவுக்கு மூணு மாசத்திலிருந்து ஒரு மாசத்துக்குள் நிறுவனம் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், புதுப்பித்த பிறகும் அவர் எப்போது வேண்டுமானாலும் இலவசமாக விலகலாம். 2023 ஜூன் முதல், ஆன்லைனிலேயே சில கிளிக்குகளில் விலகும் வசதியையும் நிறுவனங்கள் தர வேண்டும். ஆனால், அதைச் செய்ய வேண்டியவர் அங்கே இருக்கும் அவர்தான். இங்கிருந்து நம்மால் செய்ய முடிவது ஒரு போன் மட்டுமே.

காசு போயிடுச்சு... இப்ப என்ன?

முதலில் சேவையின் கஸ்டமர் கேரில் எழுத்தில் கேளுங்கள். புதுப்பித்ததும் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்றால், அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் திருப்பித் தரும், சில தராது. பேங்கில் 'எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள்' என்று புகார் கொடுப்பது, நீங்களே பின் போட்டு அனுமதித்திருந்தால் எடுபடாது. முன்தகவலே வரவில்லை, அல்லது அனுமதியை ரத்து செய்த பிறகும் பணம் போனது என்றால் கதையே வேறு. அப்போது பேங்கிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் போகலாம்.

சேவை நிறுவனத்தின் மீதே புகார் என்றால், நம் கையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை டிசைன் தந்திரங்களைத் தடை செய்கின்றன. அதில் ஒன்று 'சந்தாப் பொறி'. கேன்சல் பட்டனை ஒளித்து வைப்பது, கேன்சலைச் சுற்றி வளைப்பது மட்டுமல்ல, இலவச சந்தாவுக்கு பேமென்ட் விவரத்தையோ, ஆட்டோ டெபிட் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் அந்தப் பொறிக்குள் அடக்கம். நாம் மேலே பார்த்த இரண்டாவது வகைப் பரிசுக்கு அப்படியே பொருந்துகிறது அல்லவா? புகாரில் இந்த வார்த்தையைக் குறிப்பிட்டே எழுதலாம்.

''காசு கொடுத்து வாங்கினது தம்பி, நான் எப்படிப் புகார் கொடுக்க முடியும்?'' என்ற சந்தேகம் வரலாம். கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசலாம், `consumerhelpline.gov.in` தளத்திலும் பதியலாம். அதிலும் தீரவில்லையென்றால், நிறுவனத்தின் ஆபீஸ் மும்பையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். புதுச்சேரிக்காரர்களுக்குப் புதுச்சேரியிலேயே. பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது.

கொடுப்பவர்களுக்கு இரண்டு வரி

நீங்கள் பரிசு அனுப்புபவராக இருந்தால், கோடை மட்டும் ஃபார்வர்டு செய்துவிட்டு விடாதீர்கள். 'இது இந்தத் தேதியில முடியும். கார்டு, யு.பி.ஐ எதுவும் கேட்கக் கூடாது. கேட்டா போடாதீங்க, என்கிட்ட சொல்லுங்க' என்று கூடவே ஒரு மெசேஜ் போடுங்கள். வாங்கும்போதே தொகை போட்ட கிஃப்ட் கார்டையோ, தானாகப் புதுப்பிக்காத ப்ரீபெய்டு பிளானையோ தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. பரிசு வாங்கிய அம்மாவோ, அத்தையோ, அக்காவோ அதற்கு அப்புறம் பில்லைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது.